முட்டையை நிறுத்தியும் கொலஸ்ட்ரால் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு 61 வயது, காரைக்குடியில் இருக்கிறார்கள். அறுபதாம் கல்யாணச் சாந்தி முடிந்த கையோடு எடுத்த டெஸ்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எச்.டி.எல். 42, டிரைகிளிசரைடு 180. முட்டை, கறி, ஈரல் எல்லாவற்றையும் ஆறு மாதமாக நிறுத்திவிட்டார்கள். இப்போது 231, 41, 150. கேட்டால் கல்லீரலே தயாரிக்கிறது என்கிறார்கள். கெட்டதை உடம்பு ஏன் தானே செய்துகொள்கிறது? செல் சுவருக்கும் ஹார்மோனுக்கும் அது வேண்டுமாமே, மாத்திரை போட்டுக் குறைத்தால் அவை பாதிக்காதா?

பதில்:

கல்லீரல் நம் இலையில் என்ன விழுந்தது என்று பார்ப்பதில்லை. தன் செல்லுக்குள் இருக்கிற ஒரு சவ்வில் கொலஸ்ட்ரால் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்றுதான் பார்க்கிறது, அது குறைந்தால் உற்பத்தியைக் கூட்டும், நிறைந்தால் நிறுத்தும். இந்த ஒன்று பிடிபட்டால் உங்கள் அப்பச்சியின் ரிப்போர்ட்டும் புரியும், மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதும் புரியும்.

முதலில் வரவு செலவைப் பார்த்துவிடலாம். உடம்பிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிராம் கொலஸ்ட்ரால் வெளியே போகிறது. ஏறக்குறைய பாதி பித்த அமிலமாக மாறியும், மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலாகவேயும் பித்தநீர் வழியாகக் குடலுக்குப் போய் மலத்தோடு வெளியேறுகிறது. இதை விட்டால் பெரிய வழி வேறு கிடையாது. சர்க்கரையை உடம்பு எரிக்கும், கொழுப்பை எரிக்கும், ஆனால் கொலஸ்ட்ராலின் நடுவில் இருக்கிற நான்கு வளையங்களை உடைக்கிற என்சைம் மனித உடம்பில் இல்லவே இல்லை. "நடந்தால் கொலஸ்ட்ரால் கரையும்" என்று சொல்கிறார்களே, நடப்பதால் வேறு நன்மைகள் உண்டு, ஆனால் அது அப்படிக் கரைகிற சரக்கு அல்ல.

வெளியே போன ஒரு கிராமை ஈடுகட்ட வேண்டும். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது, குடல் அதில் பாதியைத்தான் உறிஞ்சும். அப்பச்சி தினம் இரண்டு முட்டை சாப்பிட்டிருந்தாலும் உள்ளே போய்ச் சேர்ந்தது 200 மில்லிகிராம் அளவுதான், மிச்சம் 800ஐ உடம்பே செய்திருக்கிறது. அதிலும் எல்லாம் கல்லீரலின் வேலை என்று நினைக்காதீர்கள். குடல், தோல், மூளை என்று உட்கரு உள்ள ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதைக் கொஞ்சம் செய்துகொள்ளும். தேவைக்கு மேல் செய்து மற்ற உறுப்புகளுக்கு அனுப்புவதும், இரத்தத்தில் மிஞ்சியதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும், பித்தத்தில் கழித்துவிடுவதும் கல்லீரல் பார்க்கிற வேலை, அதனால்தான் கணக்கு அங்கே போய் நிற்கிறது. முட்டையை நிறுத்தியதும் விழுந்த அந்த 200 இடைவெளியில் பெரும்பகுதியை உடம்பு தன் உற்பத்தியைக் கூட்டி நிரப்பிவிடும். சிலருக்கு இந்த ஈடுகட்டல் சரியாக நடப்பதில்லை, அவர்களுக்கு முட்டை கூடினால் ஏறும், குறைத்தால் நன்றாக இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை.

சரி, எதை வைத்துச் செய்கிறது? இதுதான் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மூலப்பொருள் கொலஸ்ட்ராலும் அல்ல, கொழுப்புதான் வேண்டும் என்றும் இல்லை. அசிட்டைல் கோ-ஏ என்று இரண்டு கார்பன் உள்ள ஒரு சின்னத் துண்டு. இட்லியின் மாவுச்சத்து உடைந்தாலும் அது வரும், நெய் உடைந்தாலும் வரும், பருப்பின் புரதம் உடைந்தாலும் வரும். கொலஸ்ட்ராலின் 27 கார்பன்களும் இந்தத் துண்டிலிருந்தே வருகின்றன என்பதைக் கதிரியக்கக் கார்பனாலும் கன ஹைட்ரஜனாலும் அடையாளமிட்ட அசிட்டேட்டை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அந்த வேலைக்காகத்தான் கான்ராட் பிளாக்குக்கும் ஃபியோடர் லினனுக்கும் 1964இல் நோபல் பரிசு கிடைத்தது.

முப்பதுக்குக் குறையாத படிகள் உண்டு, எல்லாவற்றையும் சொல்லி உங்களைக் களைப்பாக்கவில்லை, கார்பன் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு வாருங்கள். இரண்டு கார்பன் துண்டுகள் மூன்று சேர்ந்து ஆறு கார்பன் ஆகிறது. இந்த ஆறு கார்பன் பொருளை எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற என்சைம் மெவலோனேட்டாக மாற்றுகிறது. மொத்த வேலையிலும் மதகு இதுதான், உற்பத்தி கூடுவதும் குறைவதும் முக்கியமாக இந்த இடத்தில்தான். மெவலோனேட்டில் ஒரு கார்பன் கழன்று ஐந்தாகிறது. ஐந்து கார்பன் துண்டுகள் ஆறு சேர்ந்து 30 கார்பன் உள்ள ஸ்குவாலீன் என்ற நீளச் சங்கிலி ஆகிறது. இதுவரை அது வெறும் சங்கிலி. அடுத்து ஓர் ஆக்சிஜன் சேர்கிறது, ஒரே ஒரு என்சைம் அந்தச் சங்கிலியை மடக்கி நான்கு வளையங்களையும் ஒரே வீச்சில் மூடிவிடுகிறது. உயிர்வேதியியல் பாடம் எடுத்த காலம் முழுக்க, இந்த ஒரு படியை போர்டில் போடும்போது மட்டும் எனக்கு அலுப்புத் தட்டியதில்லை. பிறகு மூன்று கார்பன்களை வெட்டி, இரட்டைப் பிணைப்பை இடம் மாற்றி, 27இல் வந்து நின்றால் கொலஸ்ட்ரால். இரவில் இந்த உற்பத்தி கூடுதலாக நடக்கும். சிம்வாஸ்டாட்டின் மாதிரி உடம்பில் கொஞ்ச நேரமே தங்குகிற கொலஸ்ட்ரால் மாத்திரையை ராத்திரி போடச் சொல்வது அதனால்தான். அட்டோர்வாஸ்டாட்டின் நீண்ட நேரம் தங்கும், அதை எப்போது போட்டாலும் சரி.

இனி, இவ்வளவு மெனக்கெட்டு எதற்குச் செய்கிறது என்பதற்கு வருவோம். செல் சுவர் என்று கேட்டிருக்கிறீர்கள். சுவர் செடிகொடிகளுக்கு உண்டு, நமக்கு மெல்லிய சவ்வு மட்டும்தான். அந்தச் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்தபடி, வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி. இந்த வால்கள் நேராக இருந்தால் நெருங்கி அடுக்கிக்கொண்டு உறையும், வளைந்திருந்தால் நெருங்க முடியாமல் இளகியிருக்கும். மார்கழிக் காலையில் நெய் கட்டியாகி நல்லெண்ணெய் அப்படியே ஓடுவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான், ஒன்றில் நேர்வால்கள் அதிகம், மற்றதில் வளைந்தவை அதிகம்.

செல்லுக்கு இரண்டுமே ஆகாது. உறைந்தால் சவ்வில் இருக்கிற புரதங்கள் அசைய முடியாது, ரொம்ப இளகினால் சோடியமும் பொட்டாசியமும் கண்டபடி கசியும். கொலஸ்ட்ரால் இந்த வால்களுக்கு இடையில் செருகி நிற்கிறது. அதன் ஒரு முனையில் தண்ணீரை விரும்பும் ஒரு சின்ன ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி, அது மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே அந்த வளையாத நான்கு வளையங்கள், பக்கத்து வால்களின் மேல்பாதியை ஆடவிடாமல் பிடிக்கும். அதே சமயம் நடுவில் குறுக்கே நிற்பதால் வால்கள் நெருங்கி அடுக்கி உறையவும் விடாது. வளையம் வேண்டும் என்று உடம்பு ஏன் அவ்வளவு பாடுபடுகிறது என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது, நீளச் சங்கிலியாகவே இருந்தால் இந்த வேலை ஆகாது. செல்லின் வெளிச்சவ்வில் நூறு கொழுப்பு மூலக்கூறு இருந்தால் முப்பது நாற்பது கொலஸ்ட்ராலாகவே இருக்கும். அவ்வளவு.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதை இரத்தத்திலேயே பார்க்கலாம். சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, தானாகக் கொலஸ்ட்ரால் செய்ய முடியாது, சுற்றியுள்ள பிளாஸ்மாவிடமிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. கல்லீரல் சுருங்கி முற்றிய நிலையில் சிலருக்கு அந்தச் சவ்வில் கொலஸ்ட்ரால் மிதமிஞ்சி ஏறிவிடும். அப்படிப்பட்ட ஒருவரின் இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வழவழவென்று வட்டமாக இருக்க வேண்டிய அணுக்கள் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக முள் நீட்டிக்கொண்டு நிற்கும். விறைத்துப்போன அவற்றால் மண்ணீரலின் குறுகிய சந்துகளில் நுழைந்து வர முடியாது, அங்கேயே அழிந்து இரத்தசோகை வந்துவிடும்.

நம்ம ஊர் மெஸ்களில் கிடைக்கும் மூளை வறுவலும் இதே விஷயத்தைத்தான் காட்டுகிறது. ஆட்டு மூளையில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் உண்டு, முட்டையெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நரம்பிழையைச் சுற்றிச் சவ்வையே பல சுற்றுச் சுற்றி உறையாகப் போட்டிருப்பதால்தான் அவ்வளவு. மனித மூளையும் அப்படித்தான். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்துகொண்டு மொத்தக் கொலஸ்ட்ராலில் கால்பங்கு வரை வைத்திருக்கிறது, ஆனால் அதை இரத்தத்திலிருந்து வாங்குவதில்லை. கொலஸ்ட்ராலைச் சுமந்துகொண்டு இரத்தத்தில் போகும் எல்.டி.எல். துகள், கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்கிறார்களே அதுதான், மூளைக்குள் நுழையாது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. எல்.டி.எல். எண்ணைக் குறைத்தால் மூளைக்குப் பற்றாமல் போய்விடுமே என்று பயப்பட வேண்டியதில்லை.

இப்போது, கல்லீரல் பார்க்கிறது என்று முதலில் சொன்னேனே, அந்தச் சவ்வுக்கு வருகிறேன். வெளிச்சவ்வில் முப்பது நாற்பது சதவீதம் என்றேன், செல்லுக்குள் கொலஸ்ட்ரால் தயாராகிற எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் சவ்விலோ ஐந்து சதவீதம் அளவுதான். வெளிச்சவ்வு நிறைந்து மிஞ்சியது இங்கே வழிந்து வரும், வெளியே பற்றாக்குறை என்றால் இங்கேயும் குறையும். ஐந்து சதவீதத்தில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரியும் என்பதால் செல் தன் உணர்கருவியை இங்கேதான் வைத்திருக்கிறது. ஐந்துக்குக் கீழே போனால், அங்கே கட்டிவைத்திருக்கும் ஒரு புரதம் அவிழ்ந்து, கால்ஜி உறுப்புக்குப் போய் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு, அதன் ஒரு துண்டு உட்கருவுக்குள் போய் இரண்டு உத்தரவு போடும். ஒன்று, ரிடக்டேஸைக் கூடுதலாகச் செய். இன்னொன்று, செல்லின் வெளிப்பக்கம் எல்.டி.எல். ஏற்பிகளை அதிகமாக வை, இரத்தத்தில் போவதைப் பிடித்து உள்ளே இழு. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு வாங்கினார்கள். கொலஸ்ட்ரால் நிறைந்துவிட்டால் இரண்டு உத்தரவும் நின்றுபோகும், இருக்கிற ரிடக்டேஸையும் செல் அழித்துவிடும்.

ஸ்டாட்டின் மாத்திரை இந்தக் கருவியைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். அது ரிடக்டேஸை அடைக்கிறது, கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறைகிறது, உணர்கருவி விழிக்கிறது, ஏற்பிகள் கூடுகின்றன, இரத்தத்தில் இருக்கிற எல்.டி.எல். கல்லீரலுக்குள் இழுக்கப்படுகிறது. ரிப்போர்ட்டில் எண் இறங்குவது முக்கியமாக இந்த இழுப்பினால்தான், உற்பத்தி நின்றுபோனதால் அல்ல. உணர்கருவி விழித்ததும் செல் கூடவே நிறைய ரிடக்டேஸும் செய்துவிடும், மாத்திரையோடு போட்டிக்கு நிற்கும். அதனால் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினாலும் எல்.டி.எல். கூடுதலாக ஆறு சதவீதம் அளவுதான் இறங்கும்.

ஹார்மோன் பயத்துக்கு வருவோம். அட்ரீனல், விரை, சூலகம், கர்ப்பக் காலத்தில் நஞ்சுக்கொடி, இவைதான் கொலஸ்ட்ராலை ஹார்மோனாக மாற்றுகிற முக்கியமான இடங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கிற ஓர் என்சைம் கொலஸ்ட்ராலின் வாலிலிருந்து ஆறு கார்பனை வெட்டிவிடும், 27 போய் 21 கார்பன் உள்ள பிரெக்னனோலோன் கிடைக்கும். அதிலிருந்து அதே 21 கார்பனோடு புரோஜெஸ்ட்ரோன், கார்ட்டிசால், உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன். இன்னும் இரண்டு கார்பனை வெட்டினால் 19இல் டெஸ்டோஸ்டிரோன், மேலும் ஒன்றை எடுத்து ஒரு வளையத்தை மாற்றினால் 18இல் ஈஸ்ட்ரோஜன். எல்லாவற்றிலும் அந்த நான்கு வளையம் உடையாமல் நிற்கிறது. (வைட்டமின் டி மட்டும் வேறு வழி. கொலஸ்ட்ராலுக்கு ஒரு படி முந்தைய பொருள் தோலில் இருக்கும், வெயில் அதன் ஒரு வளையத்தைத் திறந்துவிடும்.)

ஆனால் அளவைப் பாருங்கள். கார்ட்டிசால் ஒரு நாளைக்குப் பத்து இருபது மில்லிகிராம், டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு ஐந்தாறு மில்லிகிராம், ஆல்டோஸ்டிரோன் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. தினமும் ஒரு கிராம் புரள்கிற இடத்தில் இது சில்லறை. அந்தச் சுரப்பிகள் எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும், தாங்களும் செய்துகொள்ளும், கொஞ்சம் சேமித்தும் வைத்திருக்கும். இங்கே தட்டுப்பாடு சரக்கில் வருவதில்லை, அதை மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குக் கொண்டுசேர்ப்பதில் வரும். கொண்டுசேர்க்கிற புரதம் பிறவியிலேயே கெட்டுப்போன குழந்தைகள் உண்டு. அவர்களின் அட்ரீனல் கொலஸ்ட்ராலால் நிரம்பி வீங்கியிருக்கும், ஆனால் ஹார்மோன் வராது, உப்பு சிறுநீரில் போய்க் குழந்தை துவண்டுவிடும். வழக்கமான அளவில் ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்குக் கார்ட்டிசாலோ டெஸ்டோஸ்டிரோனோ பொருட்படுத்தும்படி குறைவதில்லை.

கொலஸ்ட்ராலே செய்ய முடியாத நிலைமை என்று ஒன்று இருக்கிறது, அது கடுமையானது. கடைசிப் படியின் என்சைம் பழுதாகப் பிறக்கும் குழந்தைக்குத் தலை சிறுத்திருக்கும், காலின் இரண்டாம் மூன்றாம் விரல்கள் ஒட்டியிருக்கும், மூளை வளர்ச்சி பாதிக்கும். கருவில் உருவம் அமைவதற்கே கொலஸ்ட்ரால் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக ஸ்டாட்டின் கொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் அப்பச்சியின் எண்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்.டி.எல். வரும். அப்போது 248இல் 42, 36 போக 170. இப்போது 231இல் 41, 30 போக 160. மொத்தத்தில் இறங்கிய 17இல் எல்.டி.எல்.லின் பங்கு 10தான், மிச்சம் பெரும்பாலும் டிரைகிளிசரைடு இறங்கியதால் வந்தது. சாந்தி வீட்டு விருந்தும் பலகாரமும் இனிப்பும் நின்றதற்குக் கிடைத்த பலனாக அது இருக்கலாம், முட்டைக்கு அதில் பெரிய பங்கு இருக்காது.

இப்போது நான் கேட்பேன், கறியை நிறுத்திய பிறகு என்ன சாப்பிடுகிறார்கள்? கவிச்சியை விட்டவர்கள் ருசிக்கு நெய்யைக் கூட்டிக்கொள்வதும், சாயங்காலம் சீடையும் முறுக்கும் தேன்குழலும் இரண்டு கை அதிகம் எடுப்பதும் நம் வீடுகளில் நடப்பதுதான். கடைப் பலகாரம் பெரும்பாலும் பாமாயில், அதில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் அதைவிட அதிகம், தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. இவற்றில் பாமாயிலிலும் தேங்காய் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் துளியும் இல்லை, பாக்கெட்டில் அப்படிப் பெரிதாக அச்சடித்தும் இருப்பார்கள், உண்மைதான். ஆனால் நிறைவுற்ற கொழுப்பு கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளைக் குறைத்துவிடும், பிடித்து இழுக்க ஆளில்லாமல் எல்.டி.எல். இரத்தத்திலேயே சுற்றும். முட்டையை நிறுத்தியதைவிட இதைக் கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் மாற்றினால் கூடுதலாக இறங்க வாய்ப்பு உண்டு. கரையும் நார்ச்சத்துள்ள பயறு, ஓட்ஸ், வெந்தயம் போன்றவை குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும், அதை ஈடுகட்டக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கும், அதே உணர்கருவி விழிக்கும்.

டி.எஸ்.எச். என்ற தைராய்டு டெஸ்ட் பார்த்தார்களா என்று தெரியவில்லை. தைராய்டு மந்தமாக இருந்தாலும் இந்த ஏற்பிகள் குறையும், எல்.டி.எல். ஏறும், அதைச் சரிசெய்தாலே எண் இறங்கிவிடும். 60 வயதில் இதைப் பார்க்காமல் மாத்திரை ஆரம்பிப்பது சரியல்ல. அப்பச்சியின் அண்ணன் தம்பிகளுக்கோ ஐயாவுக்கோ ஐம்பத்தைந்து வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஏற்பி பிறவியிலேயே பழுதான குடும்பங்களில் எல்.டி.எல். வழக்கமாக 190க்கு மேலே நிற்கும், குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்துக் கையில் தட்டுப்படும். 160-170 என்பதால் அப்பச்சிக்கு அது இருக்க வாய்ப்புக் குறைவு.

மாத்திரை வேண்டுமா என்பதை 160 என்ற எண் மட்டும் முடிவு செய்யாது. சர்க்கரை, பிரஷர், புகைப் பழக்கம், ஏற்கெனவே இதயக் கோளாறு, இவற்றையும் சேர்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆரம்பித்தால் நடுத்தர அளவிலேயே எல்.டி.எல். மூன்றில் ஒரு பங்கு இறங்கி 105 பக்கம் வரும், ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறுபடி டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும். இடையில் காரணமில்லாமல் தொடையிலோ தோளிலோ கடுமையான வலி வந்தால், சிறுநீர் கறுத்துப் போனால், அடுத்த முறை பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.